தைலப் புட்டிமேல் ஒட்டிய சீட்டு

“இதுல எழுதிக்கீறது நீ பாத்ததா லூயிசா, இல்ல கேட்டதா?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் படியில் இறங்கும்போது இசபெல்லா கேட்ட கேள்வி அது. இசபெல்லா தங்கச் சுரங்கக் கம்பெனியின் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுக் கட்டுகிறவள். கையில் ஒரு வெற்றுப் புட்டி வைத்திருந்தாள். அதன் வயிற்றில் ஒட்டிய சீட்டை லூயிசாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது இது: சர்வரோக சஞ்சீவித் தைலம். இருமல், நெஞ்சுச் சளி, ரத்தம் துப்புதல், மூட்டுவாதம் யாவும் ஏழே நாளில் தீரும். உள்ளுக்கும் புறத்துக்கும்.

லூயிசாவுக்கு அந்த வரிகளை மனப்பாடமாகத் தெரியும். எழுதினவள் அவள்தான்.

அவளுடைய புருஷன் ஜெயகரனுக்கு ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஒரு கையச்சுக்கூடம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நானச் சீட்டு, கடை நோட்டீஸ், கம்பெனி ஆபீசிலிருந்து வரும் எச்சரிக்கைத் தாள், எல்லாம் அங்கேதான் அச்சாகும். அச்செழுத்துக் கோக்கத் தெரிந்த ஜெயகரனுக்கு வாசகம் எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் லூயிசா. நாலு பேர் எதிரே வாயைத் திறக்கச் சொன்னால் வியர்த்துப்போவாள். ஆனால் தாளைக் கொடுத்தால் எழுதுவாள். பச்சை வாழைக்காய் விற்கிறவன் வந்தாலும் படிக்கிறவன் நாக்கில் எச்சில் ஊறும்படி ரெண்டு வரி எழுதிவிடுவாள். அது அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

தைலக்கடை தசரதன் வந்து, “எல்லா வியாதிக்கும் கேக்கும்னு போடு தங்கச்சி” என்று சொன்னபோது அவள் அதை அழகாகத்தான் எழுதினாள். ‘ஏழே நாளில்’ என்ற வார்த்தை தசரதன் சொன்னதில்லை. வரி நிறைவதற்காக அவளே சேர்த்தது.

“கேட்டது” என்று முணுமுணுத்தாள்.

“யார் சொல்லிக் கேட்ட?”

“தசரதண்ணன்.”

“அவருக்கு யார் சொன்னது?”

லூயிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இசபெல்லா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். “இந்த மாசம் மூணு பேர வண்டியில போட்டுக் கொண்டாந்தாங்க. நெஞ்சு அடைச்சுப்போய், மூச்சு விட முடியாம. மூணு பேர் கட்டிலுக்கு அடியிலயும் இந்தப் புட்டி கீது. முன்னாடியே வந்திருந்தா டாக்டர் ஏதாவது பண்ணியிருப்பாரு. ஏழு நாள், இன்னொரு ஏழு நாள்னு காத்துக்கினு இருந்துட்டாங்க.” புட்டியை லூயிசாவின் கையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் லூயிசா கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் நடந்தாள். அங்கே தொழிலாளர் லைனில் மூங்கில் தட்டி வீட்டில் அவளுடைய அண்ணன் சகாயம் இருந்தான். சகாயம் சுரங்கத்துக்குள்ளே பாறையில் துளை போடுகிறவன். துளையில் வெடி வைத்துப் பாறையைப் பிளப்பார்கள். துளை போடும்போது கிளம்பும் கல்தூசியில் பக்கத்து ஆளின் முகம் தெரியாது என்று அவனே சொல்லியிருக்கிறான். மூன்று வாரமாக அவனுக்கு இருமல்.

வாசலில் கால் வைக்கும்போதே கற்பூர நெடி அடித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேலெல்லாம் எண்ணெய். பக்கத்தில் தசரதன் புட்டி, பாதி காலி.

“வா லூயிசா. தோ, ரெண்டாவது ஏழு ஆரம்பிச்சிருக்கேன்” என்றான். அதைச் சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து ஆளையே மடக்கிப் போட்டது.

அண்ணி ஐடா மணல் போட்ட சட்டியை நீட்டினாள். அவன் துப்பியதில் ஒரு சிவப்பு நூல் ஓடியது. ஐடா சட்டியை அவசரமாக எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். போகிற போக்கில் லூயிசாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே.”

“இன்னாத்துக்கு? போனா ‘நீ வேலைக்கு லாயக்கில்ல’ன்னு எழுதி வுட்ருவான். இதுக்குன்னு தைலம் கீதில்ல?”

“தைலம் கேக்கலன்னா?”

“ஏன் கேக்காது?” சகாயம் புட்டியைத் தூக்கி, சீட்டைத் திருப்பிக் காட்டினான். அவனுக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கட்டை விரலால் அந்தக் கொட்டை எழுத்தைத் தடவினான். “இது இன்னா எழுத்து தெரியுமா? கம்பெனி எழுத்து. வெடி வைக்கிற எடத்துல போர்டுல ஒட்டியிருப்பான் பாரு, ‘கிட்ட வராதே’ன்னு. அதே கறுப்பு, அதே தடிமன், சுத்திலும் அதே கோடு. அந்த எழுத்துல எழுதினது என்னைக்காவது பொய்யாப் போயிருக்குதா? ஒரு தரம் மீறிப்போன முனியப்பனுக்கு மூணு வெரல் இல்ல. கம்பெனி ஒத்துக்காம இந்த எழுத்துல போட வுடுவானா?”

லூயிசா புட்டியை வாங்கிச் சீட்டைப் பார்த்தாள்.

அச்சுக்கூடத்தில் தமிழில் பெரிய எழுத்து ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. கம்பெனி எச்சரிக்கைக்கும் அதுதான், தசரதன் தைலத்துக்கும் அதுதான். தடித்த கறுப்புக் கோடும் ஒன்றுதான். அதை அப்படிப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள் என்று அவளும் நினைத்ததில்லை, ஜெயகரனும் நினைத்ததில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது வார்த்தை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது உத்தரவு.

“போண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணே” என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். அதில் உயிரே இல்லை. அவன் சிரித்து, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

திங்கட்கிழமை காலை தசரதன் புதுசாக ஐந்நூறு சீட்டு அடிக்கச் சொல்லி வந்தான். நல்ல பருமன், நல்ல மனசு, வாய் ஓயாத ஆள். கையில் ஒரு மரக்கட்டை அச்சும் கொண்டுவந்திருந்தான். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு பயில்வான் நிற்கிற படம்.

“பெங்களூர்ல வாங்கினேன் ஜெயகரா. தலைமாட்டுல இத்தப் போடு. பாத்தவுடனே எடுத்துக்கினு போவான்.”

லூயிசா ஓரமாக நின்று அச்செழுத்துகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. “பழைய வாசகம் வேண்டாம்ணா” என்றாள்.

அவள் பேசியதே தசரதனுக்கு ஆச்சரியம். “இன்னா தங்கச்சி, அதைவிட ஜோரா ஒண்ணு எழுதியிருக்கியா?”

“இருமல் தீரும்னு போடமாட்டேன். ரத்தம் துப்புறதுன்னு போடமாட்டேன்.”

ஜெயகரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தசரதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஸ்டூல் முனகியது.

“அப்ப இன்னாத்த போடுவ? ‘இது எண்ணெய், வாங்குனா வாங்கு’ன்னா? பாலகாட் சுரங்கத்துப் பக்கம் மூணு பேர் தைலம் விக்கிறான். ஒருத்தன் குஷ்டத்துக்கே கேக்குங்கறான்.”

“தீரும்னு வேண்டாம்னா, ‘இருமலுக்கு உதவலாம்’னு போடேன்” என்று ஜெயகரன் சமாதானத்துக்கு வந்தான். “லாம்னா லாம்தானே. யாரும் கேள்வி கேக்க முடியாது.”

“யாரு படிக்கிறாங்க? ஒருத்தர் படிக்க இருபது பேர் கேக்கறாங்க. கேக்கறவங்க காதுல இருமலும் விழும், தைலமும் விழும். ‘லாம்’ எங்க விழும்?”

தசரதன் தொடையைத் தட்டினான். “சரி, நாம ஒண்ணும் சொல்ல வேணாம். முனியப்பன் சொன்னான்னு போடு. ‘என் இருமல் போச்சு, இப்படிக்கு பாலகாட் முனியப்பன்.’ அவன் நெஜமாவே சொன்னான், சத்தியமா!”

“அது மழைக்கால ஜலதோஷம். தைலம் இல்லாட்டியும் போயிருக்கும். அவர் வாயில வந்தாலும் நம்ம புட்டியிலதானே ஒட்டுறோம்? நாம சொன்ன மாதிரிதான் ஆவும்.” அவள் நிறுத்தவில்லை. “அந்தப் பயில்வானும் வேண்டாம். நெஞ்ச நிமித்திக்கினு நிக்கறானே, படிக்கத் தெரியாதவங்களுக்கு அவன் இன்னா சொல்றான்? பேருகூட மாத்தணும். சர்வரோகம்னு பேர வெச்சிட்டு அடியில இன்னா எழுதினாலும் அது பொய்தான்.”

“படமும் போச்சு, பேரும் போச்சு!” தசரதன் ஜெயகரனைப் பார்த்தான். “உன் ஊட்டுக்காரி புட்டிய மட்டும் வுட்டு வெச்சிருக்கா.”

லூயிசா அதற்குள் ஒரு கேள்வி யோசித்து வைத்திருந்தாள். ராத்திரியெல்லாம் புரட்டிப் பார்த்த கேள்வி. “ண்ணா, இருமலுக்குன்னு வாங்கினவங்க திரும்பி வந்து வாங்கினாங்களா?”

“ஒருத்தர் ரெண்டு பேர் ரெண்டாவது புட்டி வாங்கினாங்க.”

“மூணாவது?”

அவன் காதைச் சொறிந்தான்.

“தோள்வலிக்குன்னு வாங்கறவங்க?”

“அது, மாசாமாசம் வராங்க. சம்பங்கி பொண்டாட்டி ரெண்டு வருஷமா வாங்கறா. ஷிப்டு முடிஞ்சு வந்து தேச்சிக்கினா சொகமா கீதாம்.”

“அத்த எழுதறேன்” என்றாள் லூயிசா. “தோள்வலி தீரும்னு எழுதமாட்டேன். தேச்சா எப்படி இருக்குதுன்னு எழுதறேன். யாரு வேணா தேச்சுப் பாத்துக்கலாம். உள்ள இன்னா போடறீங்க?”

“தொழில் ரகசியம்.”

“ரகசியத்த வாங்கித் தேய்க்கிறதவிட, சுக்குன்னு தெரிஞ்சு தேய்க்கிறது மேல் இல்லியாண்ணா?”

தசரதன் விரல்விட்டுச் சொன்னான். நல்லெண்ணெய், சுக்கு, நொச்சி இலை, கற்பூரம். நாலாவது விரலோடு நின்றது. “இவ்வளவுதான். நானும் பெருசா சொல்லிக்கினு திரியறேன்” என்று அவனே சிரித்தான்.

லூயிசா தைலத்தில் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். முழங்கை வரை தடவிக் காத்திருந்தாள். பிறகு வாசகத்தை எழுதி, தாளை எடுத்துக்கொண்டு இசபெல்லாவைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கடைசி மூன்று வரிகளைப் படித்துக் காட்டினாள். “‘காயத்துல தடவாதீங்க’ன்னும் சேத்துக்கோ. ‘குடிக்காதீங்க’ன்னு முன்னாடி போடு, கற்பூரம் வயித்துக்குள்ள போவக் கூடாது. அப்புறம், எத்தினி நாளுன்னு சொல்லு. நாள் சொல்லாட்டி நம்ம ஆளுங்க வரமாட்டாங்க” என்று இசபெல்லா சொன்னாள். எத்தனை நாள் என்று டாக்டரிடமே கேட்டு வந்தாள்.

சாயங்காலம் வாசகம் தயார். கடைசியில் அவள் எழுத்தையும் மாற்றிக் கோக்கச் சொன்னாள். தைலத்தின் புகழெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற சின்ன உருண்டை எழுத்தில். சுற்றிலும் கொடிப்பூ ஓரம். கம்பெனிக் கொட்டை எழுத்தும் கறுப்புக் கோடும் கடைசிப் பத்திக்கு மட்டும்.

ஜெயகரன் கோத்து முடித்து ஒரு தாள் எடுத்துக் கொடுத்தான். தசரதன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

தசரதன் சுக்குத் தைலம். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து மேலே வந்த தோளுக்கு. நல்லெண்ணெய், சுக்கு, நொச்சி இலை, கற்பூரம், வேறொன்றும் இல்லை. உள்ளங்கையில் விட்டுச் சூடு வரத் தேய்த்து, தோளில் வைத்து அமுக்குங்கள். வெதுவெதுவென்று இறங்கும். அறை முழுக்கக் கற்பூரம் மணக்கும். பிறகு வெந்நீர். பிறகு சோறு. அந்த அரை மணி நேரம் உங்களுடையது.

அடியில் கறுப்புக் கோட்டுக்குள்: குடிக்காதீர்கள். காயத்தில் தடவாதீர்கள். இது இருமலுக்கு மருந்து அல்ல. இருமல் இரண்டு வாரம் தாண்டினால், ரத்தம் கண்டால் அன்றைக்கே, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தசரதன் ‘பிறகு சோறு’ என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தான். “எனக்கே தேச்சிக்கணும் போல கீது” என்றான். பிறகு கறுப்புக் கோட்டைப் பார்த்து முகம் சுளித்தான். “இதாலே நாலு பேர் வாங்காம போவான்.”

“போறவங்க எப்படியும் மூணாவது புட்டி வாங்கலையே.”

“அடியேன் தோத்தேன்” என்று ஸ்டூலை விட்டு எழுந்தான். “ஐந்நூறும் அடிச்சுடு. பயில்வானை வேணும்னா உங்க ஊட்டுச் சுவத்துல மாட்டிக்கோ ஜெயகரா.”

லூயிசா மை காயாத ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் விடிந்ததும் கோரமண்டலுக்கு ஓடினாள். சகாயம் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று ஐடா சொன்னாள். காய்ச்சல் வேறு கண்டிருந்தது. பேசினால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

லூயிசா சீட்டை அவன் கண்ணெதிரே பிடித்தாள். அவன் பார்வை நேராகக் கறுப்புக் கோட்டுக்குப் போனது.

“கம்பெனி எழுத்து” என்றான். “இன்னா சொல்றான்?”

அவள் படித்தாள். ‘இது இருமலுக்கு மருந்து அல்ல’ என்று வந்தபோது நிறுத்தி இன்னொரு முறை படித்தாள்.

சகாயம் புட்டியை எடுத்துப் பழைய சீட்டைப் பார்த்தான். புதுச் சீட்டைப் பார்த்தான். “அதே எழுத்து. அன்னைக்குத் தீரும்னான். இன்னைக்கு மருந்து இல்லங்கறான். எது நெஜம்?”

“பழசு கம்பெனி எழுதினது இல்லண்ணே.” லூயிசா தரையைப் பார்த்தாள். “நான் எழுதினது. எங்க வூட்டுக்காரர்தான் கோத்தாரு. எங்ககிட்ட பெரிய எழுத்து ஒரு பெட்டிதான் கீது. ஏழு நாள்னு ஒருத்தரும் சொல்லல. வரி குறைஞ்சுதுன்னு நான் போட்டேன்.”

பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஐடாவின் கை நின்றது.

“நீயா?” என்றான் சகாயம்.

“நான்தான்ணே.”

“ரெண்டு நாளா நீ போன்னு சொல்ற. நீ எழுதினதுதான் பெருசுன்னு உன்கிட்டயே சண்ட போட்டுக்கினு கீறேன்?” அவன் முகம் கோணியது. கோபப்படப்போகிறான் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆனால் அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனைச் சுருட்டியது. ஐடா ஓடி வந்து முதுகைப் பிடித்தாள். மூச்சு திரும்பியதும், “ஐந்தாங்கிளாஸ் கழுத! கம்பெனின்னு நெனச்சேன்டி உன்ன” என்றான். பிறகு புதுச் சீட்டைத் தொட்டு, “இதுவும் நீ எழுதினதுதானே? இத்த மட்டும் ஏன் நம்பணும்?” என்று கேட்டான்.

“கோட்டுக்குள்ள கீறது நான் யோசிச்சு எழுதல. இசபெல்லா ஆஸ்பத்திரியில பாத்தது. நாள் கணக்கு டாக்டர் சொன்னது. அவங்ககிட்ட படிச்சுக் காட்டிட்டுதான் அச்சுக்குப் போச்சு.”

அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “ஐடா, என் சட்டைய எடு” என்றான்.

வண்டி பிடித்துக்கொண்டு போனார்கள். டாக்டர் முதுகில் காதுக்குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். துப்பியதை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, பூதக்கண்ணாடிக் குழாயில் பார்த்தார். லூயிசாவும் ஐடாவும் வராந்தாவில் ஒரே பெஞ்சில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் இசபெல்லாதான் வெளியே வந்தாள். வரும்போதே அவள் நடையில் நல்ல சேதி தெரிந்தது.

“அந்தப் பெரிய வியாதி, க்ஷயரோகம் இல்லங்கறாரு. ஒரு பக்கம் நுரையீரல்ல சளி கட்டி வீங்கிக் கீது. காய்ச்சல் எறங்கற வரைக்கும் கட்டில்ல இருக்கணும். நேரத்துல வந்துட்டாரு.” பிறகு சேர்த்தாள்: “தூசிதான் ஒடம்புக்கு ஆவலையாம். கீழ எறங்க வேணாம், மேல வேலை குடுங்கன்னு சீட்டு எழுதித் தரேன்னாரு.”

ஐடா முந்தானையில் முகத்தைப் புதைத்து, அழுதாளா சிரித்தாளா என்று தெரியாமல் குலுங்கினாள். லூயிசாவுக்கு அன்றைக்குத்தான் பசித்தது. இரண்டு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாலு வாரம் கழித்துச் சகாயம் எழுந்து நடமாடினான். மரக்கட்டைக் கிடங்கில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஆனால் வெயிலும் காற்றும் உண்டு. “பகல்ல சூரியன் இருக்குதுன்னே மறந்துட்டேன்பா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். தசரதன் தைல விற்பனையும் குறையவில்லை. இருமலுக்கு வாங்குகிறவர்கள் போனார்கள்தான். ஆனால் ‘பிறகு வெந்நீர், பிறகு சோறு’ என்று பஜாரில் யாரோ உரக்கப் படிக்க, பெண்கள் சிரித்துக்கொண்டே ஒரு புட்டி எடுத்துப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை சகாயம் தங்கச்சியைப் பார்க்க அச்சுக்கூடத்துக்கு வந்திருந்தபோது தசரதனும் வந்து சேர்ந்தான். முகமெல்லாம் ஒளி.

“சகாயம்! உன்னத்தான் தேடிக்கினு கீறேன். தங்கச்சி, அடுத்த சீட்டுல இவனப் போடறோம். பொய் இல்ல, கேள்வி இல்ல, ஊரே பாத்தது. ‘இந்தப் புட்டியில் எழுதியிருந்ததால் உயிர் பிழைத்தேன், இப்படிக்கு கோரமண்டல் சகாயம்.’ நெஜமா இல்லியா?”

ஜெயகரன் லூயிசாவைப் பார்த்தான். அது நிஜம்தான். வார்த்தைக்கு வார்த்தை நிஜம்.

“நெஜம்தாண்ணா” என்றாள் லூயிசா. “ஆனா கேக்கறவங்க காதுல ‘இந்தப் புட்டி’யும் ‘உயிர் பிழைத்தே’னும்தான் விழும். எழுதியிருந்ததுங்கறது விழாது. மறுபடி நெஞ்சுல தேச்சிக்கினு உக்காந்துடுவாங்க.”

“அத்தெல்லாம் அவன் சொல்லட்டும். அவன் உயிரு, அவன் இஷ்டம்.” தசரதன் தயாராக எழுதி வைத்திருந்த தாளைச் சகாயத்தின் முன் விரித்தான். மை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தான். “ஒரு கைநாட்டு. அவ்வளவுதான். வருஷம் பூரா தைலம் சும்மா.”

சகாயம் தாளை எடுத்தான். தலைகீழாகப் பிடித்து, நேராக்கி, வரிகள்மேல் ஒவ்வொன்றாகக் கண்ணை ஓட்டினான். லூயிசாவை ஒரு முறை பார்த்தான். பிறகு தாளை நாலாக மடித்துத் தசரதனின் சட்டைப்பையில் வைத்து, மேலே மெதுவாகத் தட்டிக்கொடுத்தான். மை டப்பாவை மூடினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.

தசரதன் வாசல்வரை ஓடி, “டேய், ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போடா!” என்று கத்தினான்.

கோரமண்டல் போகிற பாதை அங்கே மேடாக ஏறுகிறது. சகாயம் அந்த மேட்டில் ஒரு தடவைகூட நின்று மூச்சு வாங்காமல், கையை வீசிக்கொண்டு ஏறிப்போனான்.